விருந்தும் வாடகையும்

“விருந்தும் மருந்தும் மூன்று நாள்” என்று நம் வீடுகளில் முதியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். மூன்று நாள் வரை வந்தவர் விருந்தினர். நான்காம் நாள் முதல் அவர் அந்த வீட்டில் குடியிருப்பவர். இதைக் கண்டறிவது எளிது. எடுத்துச் சொல்வதுதான் அரிது. அதிலும், விருந்தினர் நம்முடைய விருந்தினராக இல்லாமல், நம்மோடு ஒரே வீட்டில் வாடகையைப் பகிர்ந்து வாழும் நண்பரின் விருந்தினராக இருந்துவிட்டால், சொல்ல வேண்டிய சொல் தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. படிப்புக்காகவும் வேலைக்காகவும் நகரத்துக்கு வந்து, நண்பர்களோடு கூடி வீடு எடுத்துத் தங்கும் மாணவர்களுக்கு இந்தச் சங்கடம் புதிதன்று. அதை எவ்வாறு நீக்கிக்கொள்வது என்பதை ஓர் எடுத்துக்காட்டின் வழியே இன்று காண்போம்.

சென்னைத் திருவல்லிக்கேணியில் ஒரு மாடிப் பகுதி. இரண்டு அறைகள், ஒரு கூடம், ஒரு சமையலறை, ஒரே ஒரு குளியலறை. மாத வாடகை 15,000 ரூபாய். கணேசன், ராமு, செல்வம் என்ற மூன்று இளைஞர்கள் அதில் குடியிருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 5,000 ரூபாய் வாடகை. சாளரமும் காற்றும் உள்ள அறையில் செல்வம் தனியே இருக்கிறான். மற்றோர் அறையைக் கணேசனும் ராமுவும் பகிர்ந்துகொள்கிறார்கள். அரசுப் பணித் தேர்வுக்குப் படித்துவரும் ராமு, இரவில் கூடத்து விளக்கின் கீழ் அமர்ந்து படிப்பது வழக்கம்.

ஜூன் 4-ஆம் நாள் மாலை செல்வத்தின் சித்தப்பா மகன் ஊரிலிருந்து வந்தான். நேர்முகத் தேர்வு ஒன்றுக்காக வந்திருப்பதாகவும், மூன்று நான்கு நாளில் போய்விடுவான் என்றும் செல்வம் சொன்னான். தேர்வு தள்ளிப் போயிற்று. தம்பி போகவில்லை. கூடத்தில் பாய் விரித்தான். பத்து மணிக்கு விளக்கை அணைக்க வேண்டியதாயிற்று. ராமுவின் படிப்பு அறையின் மூலைக்குச் சென்றது. அங்கே கணேசன் உறங்க வேண்டும். காலையில் குளியலறைக்கு மூன்று பேர் காத்திருந்த இடத்தில் நால்வர் காத்திருந்தனர். யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் பாத்திரம் கழுவும் ஒலி சற்று உரத்துக் கேட்கலாயிற்று.

நேயர்களே, இந்த உரத்த ஒலியைக் கவனியுங்கள். சொல்லப்படாத குறை இப்படித்தான் வேறு வழியில் வெளிப்படும். முதல் வாரத்தில் பேசியிருந்தால் அது ஒரு கேள்வி: “தம்பி எத்தனை நாள் இருப்பான்?” நான்காம் வாரத்தில் பேசினால் அதுவே குற்றச்சாட்டாகிவிடுகிறது. ஆகவே விருந்தினர் வந்த அன்றே புறப்படும் நாளைக் கேட்டுக்கொள்வது நாகரிகக் குறைவு அன்று. அது பின்னர் வரும் பெரிய வருத்தத்தைத் தவிர்க்கும் சிறிய கேள்வி. கணேசனும் ராமுவும் அந்த வாய்ப்பை இழந்துவிட்டார்கள். இனி அவர்கள் என்ன செய்ய வேண்டும்?

முதலில் எண்ண வேண்டும். “எப்போது பார்த்தாலும் உன் வீட்டார் இங்கேதான்” என்று சொன்னால் செல்வம் உடனே மறுப்பான். மனக்குறை எண்ணிக்கையைப் பெருக்கிக் காட்டும் இயல்புடையது. நாட்காட்டியைப் பார்த்து இரவுகளை எண்ணினால் ஐயத்துக்கு இடமில்லை. ஜூன் மாதத்தில் தம்பி தங்கியது 27 இரவுகள். எண்ணும்போது தம் பக்கத்தையும் எண்ண வேண்டும். அதே மாதத்தில் கணேசனின் தந்தையார் மருத்துவரைப் பார்க்க வந்து 2 இரவுகள் தங்கினார். அதைக் கணேசன் தானே முதலில் சொல்லிவிட்டால், செல்வம் அதை எடுத்து எதிராக வீச இடமிருக்காது.

அடுத்து, செலவை இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஆள் கூடினால் கூடும் செலவு ஒரு வகை. ஆள் கூடினாலும் மாறாத செலவு இன்னொரு வகை. அரிசி, பருப்பு, காய்கறி, சமையல் எரிவாயு, குடிநீர்க் கேன், மின்சாரம் ஆகியவை முதல் வகை. வாடகையும் இணையக் கட்டணமும் இரண்டாம் வகை. இரண்டையும் ஒன்றாகக் கலந்து பேசுவதால்தான் இத்தகைய வீடுகளில் வாக்குவாதம் முடிவின்றி நீள்கிறது.

முதல் வகைச் செலவை இரவுக் கணக்கில் பங்கிடலாம். ஒருவர் ஓர் இரவு தங்கினால் அதை ஒரு பங்கு என்று கொள்வோம். மூவரும் ஜூன் மாதம் முழுவதும் வீட்டில் இருந்தார்கள். ஆளுக்கு 30 வீதம் 90 பங்கு. விருந்தினருக்கு மாதத்தில் 3 இரவுகளைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுவோம். அது நம் பழமொழிக்குச் செய்யும் மரியாதை. கணேசனின் தந்தையார் தங்கிய 2 இரவுகள் அதற்குள் அடங்கிவிடும். தம்பி தங்கிய 27 இரவுகளில் மூன்று போக 24 நிற்கும். ஆக மொத்தம் 114 பங்கு. அந்த மாதம் உணவு, எரிவாயு, தண்ணீர், மின்சாரம் எல்லாவற்றுக்கும் சேர்த்து 9,120 ரூபாய் ஆயிற்று என்றால், ஒரு பங்குக்கு 80 ரூபாய். கணேசனும் ராமுவும் தலைக்கு 2,400 ரூபாய் தர வேண்டும். தனக்கும் தம்பிக்குமாக 54 பங்குக்குச் செல்வம் தர வேண்டியது 4,320 ரூபாய். ஆனால் வழக்கம்போல மூன்றாகப் பங்கிட்டதால் மூவரும் 3,040 ரூபாய் தந்துவிட்டார்கள். கணேசனும் ராமுவும் ஆளுக்கு 640 ரூபாய் மிகுதியாகத் தந்திருக்கிறார்கள்.

இந்த 640 என்ற எண் இரண்டு வகையில் பயன்படும். குறை கற்பனையன்று என்பதைக் காட்டுகிறது. அதே சமயம், நட்பை முறித்துக்கொள்ளும் அளவுக்கு அது பெரிதும் அன்று என்பதையும் காட்டுகிறது. கணக்கிடாத மனத்தில் இதே தொகை ஆயிரக்கணக்காக வளர்ந்திருக்கும்.

இப்போது பேச்சுக்கு வருவோம். எங்கே பேசுவது? வீட்டில் அன்று, தம்பியின் காது கேட்கும் இடத்தில் நிச்சயமாக அன்று. விருந்தினர் முன்னிலையில் செல்வத்திடம் இதைச் சொன்னால், அவன் தன் உறவினனுக்காக வாதாடியே தீர வேண்டும். இசைந்துபோக நினைத்தாலும் முடியாது. கைப்பேசியில் எழுதி அனுப்புவதும் நன்றன்று. எழுத்தில் குரலின் கனிவு தெரியாது. எழுதியது அழியாமல் நிற்கும். இருவர் ஒருவனைச் சூழ்ந்துகொண்டு பேசுவதையும் தவிர்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை காலை, கணேசன் செல்வத்தைத் தேநீர்க் கடைக்கு அழைத்துச் சென்றான் என்று கொள்வோம்.

கணேசன் இப்படித் தொடங்கலாம்: “செல்வம், உன்னோடு ஒன்று பேச வேண்டும். தம்பி வந்து ஒரு மாதம் ஆகப் போகிறது. நல்ல பிள்ளை, அவன்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் அவன் கூடத்தில் படுப்பதால் ராமுவுக்கு இரவில் படிக்க இடமில்லை. மாதச் செலவையும் மூன்றாகவே பங்கிட்டு வருகிறோம். அவன் எந்தத் தேதி வரை இருப்பான் என்று நாம் மூவரும் முடிவு செய்துகொள்ள வேண்டும். உன் எண்ணம் என்ன?”

இந்தப் பேச்சில் செல்வத்தின் குணத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. “உனக்குப் பொறுப்பில்லை”, “எங்களை நீ நினைத்துப் பார்ப்பதில்லை” என்ற சொற்கள் வந்திருந்தால், அவன் தன் குணத்தைக் காக்கப் புறப்பட்டிருப்பான். தேதியைப் பற்றிய பேச்சே எழுந்திராது. நடந்தது என்ன, அதனால் யாருக்கு என்ன இடையூறு, வேண்டுவது என்ன என்ற மூன்றும் சொல்லப்பட்டன. கடைசியில் ஒரு கேள்வி கேட்கப்பட்டது. கேட்ட பின் கணேசன் வாய் மூடியிருக்க வேண்டும். மௌனத்தைப் பொறுக்க மாட்டாமல், “சரி, பரவாயில்லை, இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம்” என்று தானே முடித்துவிடுவதுதான் நம்மில் பலர் செய்யும் தவறு.

செல்வம் என்ன சொல்வான்? அநேகமாக இரண்டு விடைகள் வரும். முதலாவது: “வீட்டுக்காரர் கூடுதலாக ஒரு காசும் கேட்கவில்லையே! அவன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாடகை ஒன்றுதானே!” இது பொருளற்ற விடை அன்று, எண்ணிப் பார்க்க வேண்டிய விடை. வாடகைத் தொகை கூடவில்லை என்பது உண்மை. ஆனால் வாடகை என்பது இடத்தின் விலை. மூவர் விலை கொடுத்து வாங்கிய கூடத்தை ஒருவனின் உறவினர் நாள்தோறும் இரவு முழுவதும் பயன்படுத்தினால், மற்ற இருவரும் தாம் வாங்கிய பொருளில் ஒரு பகுதியை இழக்கிறார்கள். ராமு இழந்தது பணம் அன்று. தேர்வுக்கு முன்னுள்ள 27 இரவுகள்.

இரண்டாவது விடை இதைவிடக் கடினமானது. “என் சித்தப்பா மகன். சிறு வயதில் அவர்கள் வீட்டில்தான் நான் தங்கிப் படித்தேன். அவனைப் பார்த்து ‘போ’ என்று எந்த வாயால் சொல்வேன்?” இதைக் கேட்டதும் கணேசன் சற்றுத் தயங்க வேண்டும். நம் நாட்டில் ஊரிலிருந்து வந்த இளைஞர்கள் நகரத்தில் காலூன்றியது பெரும்பாலும் இந்த வழியில்தான். மாமா வீட்டுத் திண்ணையிலும், அண்ணன் அறையின் மூலையிலும் படுத்துத்தான் பலர் தம் முதல் வேலையைத் தேடினார்கள். செல்வம் இங்கே சோம்பலால் பேசவில்லை; ஒரு கடனைத் திருப்பிச் செலுத்துகிறான். ஆனால் அந்தக் கடன் அவனுடையது. அதை அவன் ராமுவின் கூடத்திலிருந்து எடுத்துச் செலுத்துகிறான்.

ஆகவே கணேசன் செய்ய வேண்டியது, செல்வத்தை உறவுக்கும் நட்புக்கும் இடையே நிறுத்துவது அன்று. அவன் நாணாமல் சொல்லக்கூடிய ஒரு காரணத்தை அவன் கையில் கொடுப்பது. “நான் உன்னைப் போகச் சொல்கிறேன்” என்று தம்பியிடம் சொல்ல அவனால் முடியாது. “எங்கள் வீட்டில் மூவருமாக வகுத்துக்கொண்ட முறை இது, எல்லாருடைய விருந்தினருக்கும் பொருந்தும்” என்று சொல்ல முடியும். தம்பியின் நேர்முகத் தேர்வு ஜூலை 18-இல் என்றால், 20-ஆம் நாள் காலை வரை அவன் இருக்கட்டும். அதன்பின் வேலை கிடைக்கும் வரை சென்னையில் இருக்க வேண்டுமானால், திருவல்லிக்கேணியிலேயே தனி இளைஞர்களுக்கான மேன்ஷன்கள் இருக்கின்றன. அறை தேட நாமும் உடன் வருகிறோம் என்று கணேசன் சொல்லலாம். இடைப்பட்ட நாட்களில் தம்பி செல்வத்தின் அறையில் படுக்கட்டும். கூடம் ராமுவுக்குத் திரும்பக் கிடைக்கட்டும். தேதியோடும் மாற்று வழியோடும் வரும் வேண்டுகோளை மறுப்பது கடினம்.

இனி வீட்டின் முறை என்ன என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். நீண்ட சாசனம் வேண்டாம். யாருடைய விருந்தினராயினும் மாதத்தில் 3 இரவுகள் வரை யாரையும் கேட்க வேண்டியதில்லை. முன்னதாகத் தெரிவித்தால் போதும். அதற்கு மேல் தங்க மற்ற இருவரின் இசைவு வேண்டும்; புறப்படும் தேதியையும் அப்போதே சொல்ல வேண்டும். இசைவு பெற்றுத் தங்கும் இரவுகளுக்கு உணவுச் செலவைப் போலவே வாடகையும் நான்காகப் பங்கிடப்படும். 15,000 ரூபாய் வாடகையில் ஓர் இரவுக்கு 500 ரூபாய். நால்வருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 125. அந்த இரவுகளில் அழைத்தவன் இரண்டு பங்கு தருவான்.

இங்கே வரிசை மாறக்கூடாது. இசைவு முதலில், பணம் பின்னர். பணம் மட்டும் கேட்டால் என்ன ஆகும் என்பதைக் காட்ட ஓர் ஆய்வு உண்டு. இஸ்ரேல் நாட்டு ஹைஃபா நகரில், குழந்தைகளை மாலையில் அழைத்துச் செல்லத் தாமதமாக வரும் பெற்றோருக்குச் சில காப்பகங்களில் சிறு அபராதம் விதித்துப் பார்த்தார்கள். க்நீஸி, ருஸ்டிகினி என்னும் பொருளியலறிஞர் இருவர் இதன் முடிவை 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். தாமதம் குறையவில்லை, கூடியது. முன்பு ஆசிரியைக்குத் தொல்லை தருகிறோமே என்று கூசியவர்கள், அபராதம் வந்தபின் அதை ஒரு கட்டணமாகக் கருதினார்கள். கட்டணம் செலுத்தியபின் கூச்சம் எதற்கு? அபராதத்தை நீக்கிய பின்னரும் பழைய கூச்சம் திரும்பவில்லை. நம் வீட்டிலும் 125 ரூபாய் வைத்துவிட்டால் எத்தனை நாளும் தங்கலாம் என்ற எண்ணம் வந்துவிட்டால், ராமு தன் கூடத்தை விலைக்கு விற்றவனாகிவிடுவான்; அவன் விற்க விரும்பியதே இல்லை.

விருந்தினர் செய்தி இவ்வாறு முடிந்தால், சில நாள் கழித்து இன்னொன்றையும் பேசலாம். தனி அறையில் இருக்கும் செல்வமும், ஓர் அறையைப் பகிர்ந்துகொள்ளும் மற்ற இருவரும் ஒரே 5,000 ரூபாய் தருவது முறையா? இரண்டையும் ஒரே நாளில் எடுத்தால் செல்வம் தாக்கப்பட்டதாக உணர்வான். அதனால்தான் சில நாள் இடைவெளி. அறையின் விலையைச் சதுர அடி அளந்து கண்டுபிடிப்பதைக் காட்டிலும் எளிய வழி ஒன்று உண்டு. தனி அறைக்கு ஒரு விலையும், பகிர்ந்த அறையின் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு விலையும் வைத்து, “இந்த விலையில் உனக்கு எது வேண்டும்?” என்று மூவரையும் கேட்பது. மூன்று விலைகளும் சேர்ந்து எப்போதும் 15,000 ஆக இருக்க வேண்டும்.

எல்லாம் 5,000 என்றால் மூவரும் தனி அறையையே கேட்பார்கள். அதுவே அதன் விலை குறைவு என்பதற்கு அடையாளம். தனி அறை 6,000, மற்ற இடங்கள் 4,500 என்று மாற்றுவோம். கணேசன், “எனக்கு 4,500 ரூபாய் இடமே போதும்” என்கிறான். செல்வமும் ராமுவும் இன்னும் தனி அறையையே கேட்கிறார்கள். தனி அறை 6,600, மற்றவை 4,200 என்று உயர்த்துவோம். இப்போது ராமுவும் விலகிக்கொள்கிறான். செல்வம் மட்டும் நிற்கிறான். அங்கே நிறுத்திவிடலாம். செல்வம் முன்னைவிட 1,600 ரூபாய் கூடுதலாகத் தருகிறான். மற்றவர்கள் 800 ரூபாய் குறைவாகத் தருகிறார்கள். யாரும் யாருடைய இடத்தையும் பார்த்துப் பொறாமைப்பட வேண்டியதில்லை. செல்வம் 6,600 மிகுதி என்று நினைத்தால், 4,200 ரூபாய் இடத்துக்கு மாறிக்கொள்ள அவனுக்கு உரிமை உண்டு. இவ்வாறு பொறாமைக்கு இடமில்லாத பங்கீடு, சில எளிய நிபந்தனைகளின் கீழ், எத்தனை பேர் இருந்தாலும் உண்டு என்பதைப் பிரான்சிஸ் சூ என்னும் அமெரிக்கக் கணித அறிஞர் 1999-இல் ஒரு கட்டுரையில் நிறுவினார். அதற்கு அவர் துணைக்கொண்டது 1928-இல் ஸ்பெர்னர் கண்ட ஒரு கணிதத் துணைத்தேற்றம். கணிதம் பயிலும் மாணவர்கள் அதைத் தேடிப் படிக்கலாம்.

பேச்சு பலிக்காமற்போனால்? இங்கே சட்டத்தின் நிலையைச் சிறிது அறிந்திருப்பது நல்லது. தமிழ்நாட்டில் 2017-ஆம் ஆண்டு இயற்றப்பட்டு 2019-இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, குடியிருப்பு ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வீட்டு உரிமையாளரின் எழுத்து மூலமான முன் இசைவு இன்றி உள்வாடகைக்கு விடலாகாது. ஆகவே தம்பியிடமிருந்து மாதந்தோறும் நேரே பணம் வாங்குவது தவறான பொருளுக்கு இடம் தரும். பங்கைச் செல்வமே தர வேண்டும். நீண்ட நாள் தங்குவதாயின் உரிமையாளருக்கும் தெரிவிக்க வேண்டும்.

இன்னொன்று: மூவரும் சேர்ந்து ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தால், 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 43-ஆம் பிரிவின்படி, வேறு வகையாக எழுதப்படாதபோது, முழு வாடகையையும் அவர்களில் எவரிடமிருந்தும் உரிமையாளர் கேட்கலாம். செலுத்தியவர் மற்றவர்களிடம் சமபங்கு கேட்டுப் பெறலாம்; மூவரும் வேறு பங்கீட்டை உடன்படிக்கையாகக் கொண்டிருந்தால் அதுவே செல்லும். அதனால்தான் அறை விலையை ஒப்புக்கொண்டதும் அதைத் தாளில் எழுதி மூவரும் கையெழுத்திட வேண்டும். கணேசன் பெயரில் மட்டும் ஒப்பந்தம் இருந்தால், உரிமையாளருக்குப் பதில் சொல்ல வேண்டியவன் அவன் ஒருவனே. வீடு எடுக்கும் நாளிலேயே யார் யார் பெயர் எழுதப்படுகிறது என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஜூலை 20 கடந்தும் தம்பி போகவில்லையானால், கணேசன் மீண்டும் ஒருமுறை, அதே அமைதியோடு, தேதியை நினைவூட்டலாம். அதுவும் பயனற்றுப்போனால், ஒப்பந்தத்தில் கண்ட முன்னறிவிப்புக் காலத்தைக் கொடுத்து வேறு வீடு பார்ப்பதே வழி. உறவினனின் பெட்டியைத் தூக்கி வெளியே வைப்பது வழி அன்று. ஆனால் பெரும்பாலான வீடுகளில் அந்த நிலை வருவதில்லை. சொல்லப்படாத வேண்டுகோள்களே நட்பை முறிப்பவை.

நம் கதையில் தம்பி 20-ஆம் நாள் காலை புறப்படுகிறான் என்று முடிப்போம். செல்வம் அவனோடு மேன்ஷன் வரை சென்று பெட்டியை இறக்கி வைக்கிறான். அன்று இரவு பத்து மணிக்குப் பின்னும் கூடத்து விளக்கு எரிகிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை தம்பி மதிய உணவுக்கு வருகிறான். மூவரும் அவனை வாயிலுக்கே சென்று வரவேற்கிறார்கள். ஏனெனில், அவன் மீண்டும் விருந்தினன் ஆகிவிட்டான்.